பால் கணக்கும் ரெண்டு நோட்டும்

எங்க பக்கத்துல மாசம் பொறந்து ஒண்ணாம் தேதியிலிருந்து அஞ்சாம் தேதி வரைக்கும் வாசல்ல ஒரு பேச்சு கேக்கும். "இருபத்தெட்டு நாள்தான் போட்டீங்க." "இல்லம்மா, முப்பது." "விலை ஏறினது பதினெட்டாம் தேதிக்கு அப்புறம்தானே?" இது பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் புதுசு இல்லை. பால்காரர், பேப்பர்காரர்னு மாசக் கணக்கு வெச்சிருக்கிற எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான். ஆனா இந்தச் சின்னச் சண்டைக்குப் பின்னாடி ஒரு நீளமான சரித்திரம் இருக்கு. அதைத்தான் இன்னைக்கு எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல கணக்கு எப்படி எழுதப்படுதுன்னு பார்க்கணும். எங்க தாத்தா காலத்துல ஊர்லேருந்து திருத்தணி டவுனுக்குக் கறந்த பால் தூக்குல போகும். நோட்டு கிடையாது. பால் வாங்குற வீட்டுக் கதவோரச் சுவத்துல சுண்ணாம்புப் புள்ளியோ கரிக்கோடோ போடுவாங்க. ஆழாக்கு வாங்கினா ஒரு கோடு, உழக்கு வாங்கினா ரெண்டு கோடு. மாசக் கடைசியில பால்காரரும் வீட்டம்மாவும் நின்னு எண்ணிட்டு, பணம் கொடுத்ததும் துடைச்சிடுவாங்க. பாக்கி இருக்கும்போது பொங்கலுக்கு வெள்ளையடிச்சிட்டா கணக்கும் சேர்ந்து போயிடும்னு எங்க பாட்டி சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க.

இப்போ பாக்கெட் பால் லைன் போடுறவர் நோட்டைப் பாருங்க. அவர் பால் போட்ட நாளை எழுத மாட்டார். போடாத நாளை மட்டும்தான் எழுதுவார். எண்பது வீட்டுக்கு விடியக்காலை அஞ்சு மணிக்குப் போடும்போது வீட்டுக்கு வீடு டிக் அடிச்சுக்கிட்டு நிக்க முடியாது. அதனால ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். மாசம் முழுக்கப் போட்டதா வெச்சுக்கிட்டு, "வேண்டாம்"னு சொன்ன நாளுக்கு மட்டும் ஒரு சுழி.

இந்த ரெண்டு முறைக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு. கொடுத்ததைக் கோடு போடுற முறையில ஒரு நாள் மறந்துட்டா பால்காரருக்கு நஷ்டம். கொடுக்காததைச் சுழி போடுற முறையில ஒரு நாள் மறந்துட்டா வீட்டுக்காரருக்கு நஷ்டம். யாரும் ஏமாத்த வேண்டியதே இல்லை. மனுஷனுக்கு இயல்பா வர்ற மறதி எந்தப் பக்கம் சாயும்ங்கிறதை நோட்டு எழுதுற முறையே முடிவு பண்ணிடுது. சுவத்துக் கோட்டுலேருந்து பாக்கெட் நோட்டுக்கு வந்தப்போ, மறதியோட பாரம் பால்காரர் தலையிலேருந்து வீட்டுக்காரர் தலைக்கு இறங்கிடுச்சு. "எப்பப் பாரு ஒரு நாள் கூடத்தான் வருது, குறைச்சலா வர்றதே இல்லை"ன்னு வீட்டுல சொல்றாங்களே, அதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது விலை. விலை மாறும்போது வர்ற சண்டைக்கு எங்க ஊர்ப் பக்கம் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1957 ஏப்ரல் 1. அன்னைக்குத்தான் இந்தியாவுல நயா பைசா வந்தது. அப்போ திருத்தணி தமிழ்நாட்டுலயே இல்லை, ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார், எங்க ஊர் கே.விநாயகம் எல்லாரும் நடத்தின எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாகாணத்தோட சேர்ந்தது. மூணு வருஷ இடைவெளியில, ரெண்டு தடவையும் ஏப்ரல் ஒண்ணாம் தேதி. முதல் தடவை காசு மாறிச்சு, ரெண்டாவது தடவை மாநிலமே மாறிச்சு. பால் கணக்குக்குத் தலைவலி கொடுத்தது முதல் மாற்றம்தான்.

அதுவரைக்கும் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. புதுசா வந்தது நூறு நயா பைசா. நூறைப் பதினாறால வகுத்தா ஆறேகால். அதாவது ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. அதனால அரசாங்கம் ஒரு மாற்று அட்டவணை போட்டது. ஒரு அணாவுக்கு 6 நயா பைசா, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25. அரைப் பைசாவோ அதுக்குக் கீழேயோ வந்தா தள்ளிடணும், அரைக்கு மேல வந்தா முழுசா எடுத்துக்கணும். அதான் ரெண்டு அணாவுக்கு வர்ற பன்னிரண்டரை, பன்னிரண்டு ஆயிடுது. மூணு அணாவுக்கு வர்ற பதினெட்டே முக்கால், பத்தொன்பது ஆயிடுது.

ஒரு நாளைக்குப் பார்த்தா இது ஒண்ணுமே இல்லை. மாசக் கணக்குல வெச்சுப் பாருங்க. ஒரு வீட்டுல தினம் ஆழாக்குப் பால், விலை ரெண்டு அணான்னு வெச்சுக்குவோம். ஏப்ரலுக்கு முப்பது நாள். பழைய முறையில கூட்டினா அறுபது அணா, அதாவது மூணே முக்கால் ரூபாய். கடைசியில ஒரே தடவை நயா பைசாவுக்கு மாத்தினா 3 ரூபாய் 75 நயா பைசா, சுத்தமான கணக்கு. ஆனா தினமும் பன்னிரண்டு நயா பைசான்னு எழுதி முப்பது நாளைக்குக் கூட்டினா 3 ரூபாய் 60 நயா பைசாதான் வரும். பதினஞ்சு பைசா குறையுது. அது பழைய கணக்குல ரெண்டேகால் அணாவுக்கும் மேல. அதாவது பால்காரர் ஒரு நாள் பாலைச் சும்மா ஊத்தின மாதிரி ஆயிடுச்சு.

அதே பால் மூணு அணான்னா சாய்மானம் எதிர்ப்பக்கம் போயிடும். தினம் பத்தொன்பது பைசான்னு எழுதினா முப்பது நாளைக்கு 5 ரூபாய் 70. அணாவுல கூட்டினா தொண்ணூறு அணா, அதை மாத்தினா 5 ரூபாய் 62. இப்போ வீட்டுக்காரருக்கு எட்டு பைசா நஷ்டம். ரெண்டு பேரும் அரசாங்க அட்டவணையைத்தான் பார்த்தாங்க, ரெண்டு பேர் கூட்டலும் சரி. ஆனா விடை வேற. தினமும் மாத்திட்டுக் கூட்டுறதா, கூட்டிட்டு ஒரே தடவை மாத்துறதான்னு முன்னாடியே பேசிக்காததுதான் வினை.

கொஞ்ச நாள்ல அளவும் மாறிச்சு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படின்னு இருந்த இடத்துல லிட்டர் வந்தது. பழைய ஆழாக்கு கால் லிட்டரை விடச் சின்னது. ஆக, கால் லிட்டருக்கு விலை கூடச் சொன்னா அது அளவுக்காக ஏறினதா, இல்லை விலையே ஏறிடுச்சான்னு சட்டுனு கண்டுபிடிக்க முடியாது. பழைய அளவுக்கும் புது அளவுக்கும் ஒரே மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.

இனி நம்ம காலத்துக்கு வருவோம். ஆவின் விலை மாறின தேதிகளைக் கொஞ்சம் பாருங்க. 2011-ல நவம்பர் நடுவுல லிட்டருக்கு ஆறேகால் ரூபாய் ஏறிச்சு. 2014-ல நவம்பர் 1-ஆம் தேதி பத்து ரூபாய். 2019-ல ஆகஸ்ட் 19-ஆம் தேதி ஆறு ரூபாய். 2021-ல மே 16-ஆம் தேதி மூணு ரூபாய் குறைஞ்சது. இதுல 2014 மட்டும்தான் மாசம் பொறந்த அன்னைக்கு வந்தது, அந்த மாசம் கணக்குல குழப்பம் இல்லை. மத்ததெல்லாம் மாச நடுவுல வந்தது. மாச நடுவுல விலை மாறினா ஒரு மாசத்தை ரெண்டு மாசமா உடைச்சு எழுதணும். அப்போ பால் வராத நாள் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு பார்க்கணும். நாள் எத்தனைன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, எந்த நாள்னும் தெரியணும்.

2019 ஆகஸ்ட்ல என் மச்சான் டவுன்ல பாக்கெட் பால் லைன் போட்டுக்கிட்டிருந்தான். ஒரு வீட்டுக் கணக்கு தகராறாகி என்னைக் கூப்பிட்டாங்க. அதை அப்படியே சொல்றேன், கணக்கு எங்கே பிசகும்னு இதுல தெளிவாத் தெரியும்.

அந்த வீட்டுக்குத் தினம் அரை லிட்டர் நீல பாக்கெட். 18-ஆம் தேதி வரைக்கும் லிட்டர் 37, அரை லிட்டர் பதினெட்டரை ரூபாய். 19-லிருந்து லிட்டர் 43, அரை லிட்டர் இருபத்தொண்ணரை. மச்சான் நோட்டுல 17, 18 ரெண்டு நாளும் சுழி இருந்தது. மீதி இருபத்தொன்பது நாள். பழைய விலையில பதினாறு நாளுக்கு 296 ரூபாய், புது விலையில பதிமூணு நாளுக்கு 279.50. மொத்தம் 575.50 கேட்டான்.

அந்த வீட்டம்மா காலண்டரை எடுத்துக்கிட்டு வந்தாங்க. அதுல 17, 18, 19 மூணு நாளும் வட்டம். ஊருக்குப் போயிருந்தாங்களாம். 9-ஆம் தேதியும் வட்டம் இருந்தது. அவங்க கணக்குப்படி இருபத்தேழு நாள், 535.50. வித்தியாசம் சரியா நாப்பது ரூபாய். 9-ஆம் தேதியோட பதினெட்டரை, 19-ஆம் தேதியோட இருபத்தொண்ணரை.

"நாப்பது ரூபாய்க்கு ஏன்டா இவ்ளோ பேச்சு"ன்னு கேட்டேன். "மாமா, எண்பது வீட்டுலயும் நாப்பது நாப்பதா விட்டா என் மாசக் கூலி போச்சு"ன்னான். அந்த அம்மாவும் விடலை. "காசுக்காக இல்லீங்கண்ணா, பொய் சொல்ற மாதிரி பேசுறாரு பாருங்க, அதான்"ன்னாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் பட்டுது.

நோட்டும் காலண்டரும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்குது. ரெண்டுமே அவங்கவங்க கையில அவங்கவங்க எழுதினது. அப்போ மூணாவதா ஒண்ணு வேணும். டெப்போவுல பால் எடுக்கும்போது தினம் ஒரு சீட்டு கொடுப்பாங்க, அதையெல்லாம் மச்சான் கம்பியில குத்தி வெச்சிருந்தான். எடுத்துப் பார்த்தோம். 16-ஆம் தேதி நீல பாக்கெட் எண்பது. 17, 18, 19 மூணு நாளும் எழுபத்தொன்பது. 20-ஆம் தேதி மறுபடியும் எண்பது. அந்த நாட்கள்ல வேற எந்த வீட்டுப் பக்கத்துலயும் சுழி இல்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே ஒரு பாக்கெட்தான். ஆக 19-ஆம் தேதி அவன் அந்த வீட்டுப் பாக்கெட்டை எடுக்கவே இல்லை. எடுக்காததைப் போட்டிருக்க முடியாது. சுழி போடத்தான் விட்டுப்போச்சு. அவனே பேனாவை வாங்கி அடிச்சான்.

9-ஆம் தேதி சீட்டுல எண்பதுதான் இருந்தது. என்ன ஆச்சுன்னு கேட்டா, அன்னைக்குக் கேட்டுல மாட்டியிருந்த பையிலேருந்து குரங்கு பாக்கெட்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சாம். மலையடிவாரத் தெருவுல இது அதிசயம் இல்லை. இங்கே கேள்வி பால் வந்ததா இல்லையாங்கிறது இல்லை, வந்த பால் யார் பொறுப்புல இருந்ததுங்கிறதுதான். பையைக் கேட்டுல மாட்டச் சொன்னது வீட்டுக்காரங்க. சொன்ன இடத்துல போட்டதோட பால்காரர் வேலை முடிஞ்சுது. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "சரி, குரங்கு குடிச்சதுக்கு நானே கொடுக்கிறேன்"ன்னாங்க. ஆக இருபத்தெட்டு நாள். பழைய விலையில பதினாறு நாள் 296, புது விலையில பன்னிரண்டு நாள் 258. மொத்தம் 554 ரூபாய். அன்னைக்கே கொடுத்துட்டாங்க.

அந்தச் சீட்டைத் தேடி எடுத்தோமே, அதேதான் நம்ம நாட்டுச் சட்டமும் சொல்லுது. 1872-ல வந்த இந்திய சாட்சியச் சட்டத்தோட 34-ஆவது பிரிவு கணக்குப் புத்தகத்தைப் பத்தினது. தொழில் நடக்கும்போது ஒழுங்கா எழுதி வர்ற கணக்குப் புத்தகத்தைச் சாட்சியமா எடுத்துக்கலாம், ஆனா அதை மட்டுமே வெச்சு ஒருத்தர் கடன்பட்டிருக்கார்னு முடிவு பண்ணக் கூடாது. சட்டத்துலயே ஒரு உதாரணமும் உண்டு. ஒருத்தர் இன்னொருத்தர் ஆயிரம் ரூபாய் தரணும்னு வழக்குப் போட்டு, தன்னோட கணக்குப் புத்தகத்தைக் காட்டுறார். புத்தகத்தைப் பார்க்கலாம், ஆனா வேற சாட்சியம் இல்லாம அது மட்டும் கடனை நிரூபிக்காது. காரணம் எளிசு. தன் நோட்டுல தானே எழுதிக்கிட்டு அடுத்தவனைக் கடன்காரன் ஆக்க முடியும்னா ஊர்ல ஒருத்தரும் நிம்மதியா இருக்க முடியாது.

ஜெயின் ஹவாலா டைரி வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பெரிய பெரிய தலைவர்களுக்குப் பணம் கொடுத்ததா டைரியில குறிப்பு இருந்தது. 1998-ல உச்ச நீதிமன்றம் இந்த 34-ஆவது பிரிவைத்தான் எடுத்து வெச்சுப் பார்த்தது. தனித்தனியா இருக்கிற உதிரித் தாள் கணக்குப் புத்தகமே ஆகாது. தைச்ச நோட்டு புத்தகம்தான், ஆனாலும் எழுதினவரோட எழுத்து மட்டும் போதாது, வெளியிலேருந்து வேற ஆதாரம் வேணும்னு சொல்லிடுச்சு. கோடிக்கணக்குல பணம் பேசின டைரிக்கும் எங்க தெருப் பால் நோட்டுக்கும் ஒரே சட்டம்தான். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாட்சிய சட்டம் வந்துடுச்சு, ஆனா இந்த விதி அதுலயும் அப்படியே இருக்கு.

ஒரு கை எழுதுற கணக்குல இருக்கிற இந்தக் கோளாறை ஐரோப்பாவுல வேற விதமா சமாளிச்சாங்க. ஒரு குச்சியில வெட்டுக் கோடு போட்டு, அதை நீளவாக்குல ரெண்டாப் பிளந்து ஆளுக்கொரு பாதி வெச்சுப்பாங்க. பிரான்ஸ்ல ரொட்டிக்காரர் வீட்டுக்கு ரொட்டி கொண்டு வரும்போது, வீட்டுப் பாதியையும் தன் பாதியையும் ஒண்ணாச் சேர்த்துப் பிடிச்சு ரெண்டுலயும் ஒரே வெட்டு போடுவார். ரொட்டிக்காரர் தனியா ஒரு வெட்டு கூடப் போட்டா வீட்டுக் குச்சியில அது இருக்காது. வீட்டுக்காரர் ஒண்ணைச் செதுக்கிட்டா ரெண்டும் ஒட்டாது. 1804-ல நெப்போலியன் காலத்துச் சட்டத் தொகுப்புல இதுக்குன்னே ஒரு பிரிவு வெச்சாங்க, 1333-ஆவது பிரிவு. சில்லறையாப் பொருள் கொடுத்து வாங்கி, இப்படிக் குச்சியில குறிச்சுக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு நடுவுல, ரெண்டு பாதியும் பொருந்தினா அதுவே சாட்சின்னு அது சொல்லிச்சு. இங்கிலாந்துல அரசாங்க கஜானாவே இந்தக் குச்சிக் கணக்கைத்தான் வெச்சிருந்தது. பழைய குச்சிகளை 1834-ல அடுப்புல போட்டு எரிச்சப்போ தீ பரவிப் பாராளுமன்றக் கட்டடமே எரிஞ்சு போச்சு.

நம்ம சட்டம் பால்காரர் நோட்டை மட்டும் போதாதுன்னு சொல்லுது, பிரான்ஸோட அந்தப் பழைய சட்டம் ரெண்டு பாதிக் குச்சியைப் போதும்னு சொல்லிச்சு. ரெண்டும் முரண் இல்லை. நோட்டு ஒருத்தர் கையில இருக்கு, குச்சி ரெண்டு பேர் கையில இருக்கு. எங்க தாத்தா காலத்துச் சுவத்துக் கோடு கூட ஒரு விதத்துல குச்சி மாதிரிதான். சுவர் வீட்டுக்காரருது, கோடு போட்டது பால்காரர், தினமும் ரெண்டு பேர் கண்ணுலயும் படும்.

அந்தத் தகராறுக்கு அப்புறம் மச்சான் லைன்ல மூணு மாத்தம் பண்ணினான். வேண்டாம்னு சொல்றதா இருந்தா முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வாட்ஸ்அப்ல தேதி போட்டு அனுப்பணும், இவன் அதுக்கு "சரி"ன்னு பதில் போடுவான். அந்த ரெண்டு செய்தியும் ரெண்டு போன்லயும் இருக்கு, அதான் இந்தக் காலத்துக் குச்சி. ரெண்டாவது, விலை மாறுற அன்னைக்கு எல்லா வீட்டுப் பக்கத்துலயும் ஒரு குறுக்குக்கோடு கிழிச்சு, மேல பழைய விலை, கீழ புது விலைன்னு எழுதிடுவான். மாசக் கடைசியில மேல எத்தனை சுழி, கீழ எத்தனை சுழின்னு பார்த்தா போதும். மூணாவது, பை எங்கே மாட்டணும்னு நோட்டு முதல் பக்கத்துலயே வீட்டுக்காரங்களைக் கேட்டு எழுதிடுவான்.

2021 மே 16-ஆம் தேதி விலை குறைஞ்சப்போ அந்தக் குறுக்குக்கோடு நல்லா உதவிச்சு. விலை ஏறினா பால்காரர் அன்னைக்கே ஞாபகம் வெச்சிருப்பார், குறைஞ்சா வீட்டுக்காரர்தான் ஞாபகம் வெச்சிருப்பார். அரை லிட்டர் இருபத்தொண்ணரையிலேருந்து இருபது ஆச்சு. பதினஞ்சு நாள் பழைய விலை 322.50, பதினாறு நாள் புது விலை 320, மொத்தம் 642.50. கோடு கிழிக்காம மாசம் முழுக்கப் பழைய விலை போட்டிருந்தா 666.50 ஆயிருக்கும். வீட்டுக்கு இருபத்திநாலு ரூபாய். அந்த மாசம் அந்த அம்மா வீட்டுல கணக்கு சரியா 642.50-னு வந்தது. காலண்டரைக் கையில வெச்சிருந்தாங்க, ஆனா பிரிச்சுப் பார்க்கலைன்னு மச்சான் சொன்னான்.